30 விநாடி அறிமுகம்: அமர்வுத் தலைவர் கையில் இருக்கும் அந்தத் தாளை எப்படி மாற்றி எழுதுவது?

இன்னைக்கு எபிசோட், கருத்தரங்கில் செஷன் சேர் ஆகப் போறவங்களுக்கு. அதாவது அமர்வுத் தலைவர். கம்பெனியில நாலஞ்சு வருஷம் ஆனா போதும், யாராவது ஒருத்தர் "இந்த செஷனை நீங்களே நடத்திடுங்க"ன்னு சொல்லிடுவாங்க. கையில் மூணு பேரோட பயோடேட்டா வரும். அதை அப்படியே மேடையில் படிச்சா ரெண்டு விஷயம் நடக்கும். கடைசிப் பேச்சாளரோட நேரம் போகும். பயோடேட்டாவில் இருக்கிற தப்பு, உங்க குரல்ல ஊருக்கே பரவும்.

முதலில் கடிகாரம்

ஒரு கற்பனை அமர்வை எடுத்துக்குவோம். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஒரு அரங்கு. சாயங்காலம் 4 மணிக்கு ஆரம்பம், 5 மணிக்கு முடிக்கணும். 5.15-க்கு கம்பெனி பஸ், அதனால நீட்டிக்க வழியே இல்லை. தலைப்பு, "நம்ம மாவட்டத்தின் மண்ணும் நீரும்". முதல் பேச்சு அத்திரம்பாக்கம் கற்கருவிகள், ரெண்டாவது பழவேற்காடு ஏரி, மூணாவது ஒரு இளம் இன்ஜினியர், தொழிற்சாலைத் தண்ணீரை மறுசுழற்சி செய்யறதைப் பத்தி.

ஆளுக்கு 15 நிமிடம், மொத்தம் 45. கேள்விகளுக்கு 10. மீதி 5 நிமிடம். ஒருத்தர் இறங்கி இன்னொருத்தர் ஏறி, லேப்டாப்பை மாட்டி, மைக்கைச் சரி செய்ய ஆளுக்கு ஒரு நிமிடம் போயிடும். இப்ப மிச்சம் 2 நிமிடம். வரவேற்பு, "கேள்விகள் கடைசியில்" மாதிரி அறிவிப்புக்கு அரை நிமிடம். ஆக ஒரு பேச்சாளரின் அறிமுகத்துக்கு உங்க கையில் இருப்பது 30 விநாடி.

நான் மேடை வேகத்தில் தமிழ் படிச்சா நிமிடத்துக்கு 90 சொல் வருது. அப்ப 30 விநாடிக்கு 45 சொல். உங்க வேகம் வேற மாதிரி இருக்கலாம். போனில் ஸ்டாப்வாட்ச் வெச்சு, சத்தமா, நின்னுக்கிட்டு படிச்சுப் பாருங்க. மனசுக்குள்ள படிச்சா எப்பவுமே குறைவாத்தான் காட்டும்.

இப்போ தாளைப் பார்ப்போம்

முதல் பேச்சாளரா தொல்லியல் ஆய்வாளர் சாந்தி பப்புவை வெச்சுக்குவோம். அவங்க ஆய்வுகள் எல்லாம் வெளியாகி இருக்கறதால, சரிபார்க்க வசதி. கீழே இருப்பது பயிற்சிக்காக நானே எழுதினது. ஆனா இந்த நடை நமக்கு நல்லாப் பழக்கம்:

"அறிமுகமே தேவையில்லாத ஆளுமை, உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானி, அத்திரம்பாக்கத்தைக் கண்டுபிடித்தவர், உலகின் முதல் மனிதன் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நம் திருவள்ளூர் மண்ணில்தான் வாழ்ந்தான் என்று நேச்சர் இதழில் நிரூபித்தவர்..."

இதுக்கு அப்புறம் விருதுகள், பதவிகள், கட்டுரைகளின் எண்ணிக்கை. முழுசாப் படிச்சா ரெண்டரை நிமிடம் ஓடும். அதாவது மூணு அறிமுகத்துக்கும் சேர்த்து வெச்சிருந்த ஒன்றரை நிமிடத்தையும் தாண்டி, முதல் ஆளே இன்னும் ஒரு நிமிடம் கடன் வாங்கிட்டார். அந்தக் கடனைக் கடைசியில் அடைப்பது அந்த இளம் இன்ஜினியர்.

நேரத்தை விடுங்க, தகவலைப் பாருங்க. "கண்டுபிடித்தவர்" தப்பு. அந்த இடத்தை 1863-லேயே ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கண்டாங்க. சரி, "அகழாய்வைத் தொடங்கியவர்"னு மாத்தலாமா? அதுவும் இடிக்கும். 1960-களில் இந்தியத் தொல்லியல் துறை அங்கே தோண்டியிருக்கு. சாந்தி பப்புவின் குழு வந்தது 1999-ல். "1999 முதல் அகழாய்வு நடத்திய குழுவின் தலைவர்" என்றால் சரி.

அடுத்து "நேச்சர்". 15 லட்சம் ஆண்டு என்ற கணக்கு 2011-ல் சயின்ஸ் இதழில் வந்தது. 2018-ல் நேச்சரில் வந்தது வேற விஷயம். சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்னாடி அங்கே கருவி செய்யும் முறை மாறியதைப் பற்றியது. ரெண்டு செய்தியும் மனசுல ஒட்டிக்கிட்டு ஒண்ணாயிடுச்சு.

"உலகின் முதல் மனிதன்" இருக்கறதிலேயே பெரிய தப்பு. அங்கே கிடைச்சது கற்கருவிகள். இந்தக் குழுவின் அகழாய்வில் மனித எலும்பு கிடைக்கலை. ஆப்பிரிக்காவில் இதைவிடப் பழைய கருவிகள் இருக்கு. நீங்க இதை மேடையில் சொல்லிட்டா பேச்சாளர் என்ன செய்வார்? தன்னோட 15 நிமிடத்தில் ரெண்டு நிமிடத்தை உங்களைத் திருத்தவே செலவு பண்ணணும். இல்லேன்னா மரியாதைக்காகச் சும்மா இருந்திடுவார், தப்பு அப்படியே நிக்கும்.

கவனிச்சீங்களா? தப்பு பெரும்பாலும் பெயரில் இல்லை, வினைச்சொல்லில் இருக்கு. கண்டுபிடித்தார், தொடங்கினார், நிரூபித்தார். கூடவே "முதல்", "ஒரே", "மிகப் பெரிய". வரைவில் இந்தச் சொற்களுக்கு அடியில் ஒரு கோடு போட்டு, ஒவ்வொண்ணையும் தனியாச் சரிபாருங்க. சரிபார்க்க முடியாததை எடுத்திடுங்க.

மாற்றி எழுதினால்

எதை வெச்சுக்கறது? ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி: இந்தப் பேச்சைப் புரிஞ்சுக்க இது உதவுதா? விருதுப் பட்டியல் உதவாது. அந்த இடத்தில் தோண்டின அனுபவம் உதவும். இதோ:

"அடுத்த பேச்சு அத்திரம்பாக்கம் பற்றியது. நம்ம மாவட்டத்தில், பூண்டி பக்கத்தில் இருக்கிற ஊர். 1999 முதல் அங்கே அகழாய்வு நடத்திய குழுவின் தலைவர் பேசுகிறார். ஒரு கற்கருவியின் வயதை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று 15 நிமிடத்தில் சொல்வார். சென்னை சர்மா பாரம்பரியக் கல்வி மையத்தைச் சேர்ந்த தொல்லியல் ஆய்வாளர் முனைவர் சாந்தி பப்பு அவர்களை அழைக்கிறேன்."

40 சொல், 27 விநாடி. 15 லட்சம் என்ற எண்ணை வேணும்னே விட்டிருக்கேன். அது பேச்சாளர் சொல்ல வேண்டிய செய்தி, நாம உடைக்கக் கூடாது. பெயர் கடைசியில் வருது. நம்ம ஊரில் பெயரைக் கேட்டதும் கைதட்டுவாங்க, அந்தச் சத்தத்திலேயே அவங்க மேடை ஏறிடலாம். "15 நிமிடத்தில்" என்பது பேச்சாளருக்கும் சேர்த்து ஒரு நினைவூட்டல்.

சுருக்கினா கோபப்பட மாட்டாங்களா?

படலாம். நம்ம மேடைகளில் அடைமொழியின் நீளம்தான் மரியாதையின் அளவுன்னு ஒரு பழக்கம் இருக்கு. அதனால ஒரு வாரம் முன்னாடியே வாட்ஸ்அப்பில் மூணு கேள்வி அனுப்புங்க: பெயரை எப்படி உச்சரிக்கணும், இப்போதைய பொறுப்பு என்ன, இந்தப் பேச்சுக்குத் தொடர்பான ஒரு வேலை எது? பதில் வந்ததும் எழுதி, அந்த 40 சொல்லையே திருப்பி அனுப்பி, "சார், மேடம், இதில் ஏதாவது மாத்தணுமா?"ன்னு கேளுங்க. முழு பயோடேட்டா நிகழ்ச்சி நிரல் தாளில் அச்சாகுதுன்னும் சொல்லிடுங்க.

அப்புறம், மூணு பேருக்கும் ஒரே நீளம். மூத்தவருக்கு ரெண்டு நிமிடம், அந்த இன்ஜினியருக்கு "அடுத்து இவர்"னு ரெண்டே சொல் என்றால், அவர் வாயைத் திறக்கும் முன்னாடியே சபைக்கு அவர் சின்ன ஆளாத் தெரிவார். அவருக்கும் 40 சொல் எழுதுங்க: எந்த மாதிரி ஆலை, எவ்வளவு தண்ணீர், இன்னைக்கு எந்தச் சிக்கலைப் பத்திப் பேசறார்.

இந்த எபிசோட் அவ்வளவுதான். அடுத்த வாரம் பார்ப்போம்.