ஆவி இறங்கும் வழி, நீர் ஏறும் வழி

உப்புநீரிலிருந்து தூய நீரைப் பிரிக்கும் காய்ச்சி வடித்தல் படத்தில் பாகங்களின் பெயர்களை மாணவர்கள் பெரும்பாலும் சரியாகவே எழுதிவிடுகிறார்கள். தடுமாற்றம் வருவது அம்புக்குறிகளில்தான். குளிர்நீர் எந்த முனையில் நுழைகிறது, எந்த முனையில் வெளியேறுகிறது என்பதைப் பலர் மாற்றிப் போடுகிறார்கள். அது ஏன் அப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால் பிறகு மறக்காது.

100 மில்லிலிட்டர் நீரில் 10 கிராம் சாப்பாட்டு உப்பைக் கரைத்து எடுத்துக்கொள்வோம். படத்தின் இடப்பக்கம், பன்சன் அடுப்புக்கு மேலே, காய்ச்சும் குடுவை. அதில் பாதிக்கு மேல் கரைசல் வேண்டாம். உள்ளே சில பீங்கான் துண்டுகளைப் போட வேண்டும். அவை இருந்தால் சிறு குமிழிகள் சீராக எழும். இல்லாவிட்டால் கரைசல் திடீரென்று பொங்கி, உப்புத் துளிகள் ஆவியோடு சேர்ந்து அடுத்த குழாய்க்குள் பாயும்.

குடுவையின் வாயை அடைப்பான் மூடியிருக்கிறது. அதன் வழியாக இறங்கும் வெப்பநிலைமானியின் குமிழ், பக்கக்குழாய் பிரியும் இடத்துக்கு நேராக நிற்க வேண்டும். அது கரைசலில் மூழ்கினால் 101 டிகிரிக்கு மேல் காட்டும், ஏனென்றால் உப்பு நீரின் கொதிநிலையை உயர்த்துகிறது. நீர் குறையக் குறைய அந்த அளவு இன்னும் ஏறும். நாம் அறிய வேண்டியதோ வெளியேறும் ஆவியின் வெப்பநிலை. குமிழைச் சூழும் ஆவியின் ஒரு பகுதி அதன் மேலேயே தூய நீராகப் படிவதால், அங்கே 100 டிகிரியை ஒட்டியே காட்டும். குமிழ் பக்கக்குழாய்க்கு மேலே நின்றால் ஆவி அதை முழுதாகத் தொடாமல் திரும்பிவிடும். அளவு குறைவாகத் தெரியும்.

பக்கக்குழாய் வழியே ஆவி குளிர்விப்பானுக்குள் செல்கிறது. இதற்கு லீபிக் குளிர்விப்பான் என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் வேதியியலாளர் யூஸ்டஸ் ஃபான் லீபிக் இதைப் பரவலாக்கினார். ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் இன்னொரு குழாய், அவ்வளவுதான் இதன் அமைப்பு. உள்குழாயில் ஆவி, வெளிக்குழாயில் குளிர்நீர். இரண்டும் எங்குமே கலப்பதில்லை. படத்தில் உள்குழாயை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாத இரு கோடுகளாக வரைய வேண்டும். நீர் வரும் குழாய் வெளியுறையோடு நின்றுவிட வேண்டும். உள்குழாய்க்குள் திறப்பதுபோல வரைந்தால், குளிர்விக்கும் நீரே வடிநீரில் போய்ச் சேர்கிறது என்று பொருளாகிவிடும்.

குளிர்விப்பான் குடுவைப் பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் சாய்ந்திருக்கிறது. சோற்றுப் பானை மூடியின் அடியில் நீர் திரள்வதுபோல, குளிர்ந்த சுவரில் ஆவி துளிகளாகி, சரிவில் வழிந்து சேகரிக்கும் குடுவையில் விழுகிறது. குளிர்நீரோ தாழ்ந்த முனையில் நுழைந்து உயர்ந்த முனையில் வெளியேற வேண்டும். மேலே விட்டால் அது அடிப்பக்கச் சுவரை ஒட்டி ஓடிக் கீழே வடிந்துவிடும். உறை நிரம்பாது, மேற்பகுதியில் காற்று நிற்கும். கீழிருந்து விட்டால் உறை நிரம்பிய பிறகே நீர் வெளியேற முடியும். மேலும், மிகக் குளிர்ந்த நீர் கடைசியாக மிஞ்சும் ஆவியைச் சந்திப்பதால் அதுவும் தப்பாது.

இதற்கு நீர் நிறையவே வேண்டும். ஒரு கிராம் நீராவி நீராக மாறும்போது சுமார் 2,260 ஜூல் வெப்பத்தை வெளிவிடுகிறது. ஒரு கிராம் குளிர்நீர் 10 டிகிரி சூடேற சுமார் 42 ஜூலே போதும். எனவே 50 மில்லிலிட்டர் வடிநீர் பெற, குளிர்நீர் 10 டிகிரிக்கு மேல் சூடேறாமலிருக்க வேண்டுமானால், ஏறக்குறைய 3 லிட்டர் நீர் ஓட வேண்டும். சேகரிக்கும் குடுவையின் வாயில் புகை போல ஆவி தெரிந்தால் நீரோட்டம் போதவில்லை, அல்லது தீ அதிகம் என்று பொருள்.

அந்தக் குடுவையை இறுக மூடிவிடக் கூடாது. உள்ளே இருந்த காற்றுக்கு வெளியேற வழி வேண்டும். இல்லாவிட்டால் அழுத்தம் கூடி அடைப்பான் பறக்கும், கண்ணாடி உடையும்.

சேர்ந்த நீரில் ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட் கரைசல் விட்டுப் பார்க்கலாம். தெளிவாகவே இருந்தால் உப்பு வரவில்லை. வெண்மையாகக் கலங்கினால், பெரும்பாலும் கரைசல் பொங்கி உப்புத் துளிகள் கடந்து வந்திருக்கின்றன. பீங்கான் துண்டுகளைப் போட்டு, தீயைக் குறைத்து மறுபடி செய்ய வேண்டும்.

அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே நீர்க்குழாயைத் திறந்துவிடுங்கள். குடுவையில் கரைசல் வற்றும் முன்பே தீயை அணையுங்கள். எல்லாம் ஆறிய பிறகே நீரை நிறுத்துங்கள்.