குரங்கு என்றால் வசையா, புகாரா?

2021 ஜூலை 11. லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் யூரோ கால்பந்து இறுதிப் போட்டி. பெனால்டி உதையில் இத்தாலியிடம் இங்கிலாந்து தோற்றுப்போனது. கோல் அடிக்கத் தவறிய மார்கஸ் ரேஷ்ஃபோர்ட், ஜேடன் சாஞ்சோ, புகாயோ சாகா மூவருமே கறுப்பின இளைஞர்கள். ஆட்டம் முடிந்ததுமே அவர்களுடைய இன்ஸ்டாகிராம் பக்கங்களில் குரங்கு எமோஜிகள் வந்து குவியத் தொடங்கின. பலவற்றில் ஒரு வார்த்தைகூட இல்லை, வரிசையாகக் குரங்கு மட்டும்தான். பார்த்துக் கொதித்துப்போன ரசிகர்கள் புகார் பொத்தானை அழுத்தினார்கள். ஆனாலும் பல கமென்ட்கள் அப்படியே நின்றன. சில நாள் கழித்து இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரியே தவறை ஒப்புக்கொண்டார். புகார்களைத் தரம் பிரிக்கும் அவர்களது தொழில்நுட்பம், அவற்றில் சிலவற்றைத் தீங்கில்லாதவை என்று தப்பாகக் குறித்திருந்தது.

அதே ஆண்டு அமெரிக்காவில் இதற்கு நேர் எதிரான ஒரு வழக்கு தொடங்கியது. அங்கே குரங்கு என்று எழுதியவர்களின் கமென்ட் காணாமல் போய்க்கொண்டிருந்தது.

அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும் பெரிய அமைப்பு, தேசிய சுகாதார நிறுவனம். சுருக்கமாக என்.ஐ.எச். விலங்குகள் மீதான சோதனைக்கும் அது நிதி தருகிறது. அதை எதிர்ப்பவர்கள் அதன் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களில் வந்து எழுதினார்கள். நிறுவனமோ `animal`, `monkey`, `testing`, `cruel`, `torture`, `PETA` போன்ற சொற்களை ஒரு பட்டியலில் போட்டு வைத்தது. அவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் கமென்ட் தானாக மறைந்துவிடும். பீட்டா அமைப்பும் விலங்குரிமைக்காகக் குரல் கொடுக்கும் இருவரும் நீதிமன்றத்துக்குப் போனார்கள். கீழ் நீதிமன்றம் 2023-இல் நிறுவனத்தின் பக்கம் நின்றது. 2024 ஜூலை 30-ஆம் தேதி வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் திருப்பிப் போட்டது.

நிறுவனத்தின் வாதம் எளிமையானது. பேசும் பொருளுக்குச் சம்பந்தமில்லாத கமென்ட்களைத்தான் மறைக்கிறோம், அது எங்கள் விதியில் இருக்கிறது என்றது. ஆனால் அதன் பதிவுகளில் கணிசமானவை விலங்குகளை வைத்து நடந்த ஆராய்ச்சியைப் பற்றியவை. எலியின் படத்தைப் போட்டுவிட்டு, எலியைப் பற்றிப் பேசினால் சம்பந்தமில்லை என்றால் எப்படி? நீதிபதிகள் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். சொல்வடிகட்டி சூழலைப் பார்ப்பதே இல்லை, எழுதியவருக்குத் தன் கமென்ட் மறைக்கப்பட்டது தெரிவதில்லை, திரும்பக் கொண்டுவரும்படி கேட்கவும் வழியில்லை என்பதையும் தீர்ப்பு சுட்டிக்காட்டியது.

தெரிவதில்லை என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஃபேஸ்புக் பக்கத்தில் மறைக்கப்படும் கமென்ட் அழிக்கப்படுவதில்லை. எழுதியவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் அது வழக்கம்போலவே தெரியும். மற்றவர்கள் கண்ணுக்கு மட்டும் படாது. புகார் கொடுத்தவர் பதில் வரும் என்று காத்துக்கொண்டே இருப்பார். ஊரில் வேறு யாருக்கும் அந்தப் புகார் இருப்பதே தெரியாது.

இந்த இரண்டு தவறுகளுக்கும் வேர் ஒன்றுதான். இயந்திரம் எதைப் பற்றிய பேச்சு என்பதைப் பார்த்தது, யாரை நோக்கிய பேச்சு என்பதைப் பார்க்கவில்லை. சாகாவின் பக்கத்தில் குரங்கு ஒரு மனிதரின் முகத்தில் எறியப்பட்டது. என்.ஐ.எச். பக்கத்தில் குரங்கு கூண்டில் இருக்கும் ஒரு விலங்கு. விதி எழுதுகிறவர் இந்த வேறுபாட்டை விதிக்குள் கொண்டுவர வேண்டும். அது எப்படி என்று தமிழிலேயே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு பார்க்கலாம்.

ஒரு நகராட்சியின் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே வரும் வசைச் சொற்களைத் தொகுத்தால் 'நாய்' கட்டாயம் இருக்கும். அதே பக்கத்துக்கு வரும் புகார்களைத் தொகுத்தாலும் 'நாய்' கட்டாயம் இருக்கும். சாக்கடை, குப்பை, பன்றி எல்லாம் இதே கதைதான். சொல்லைப் பட்டியலில் போட்டு மறைத்தால், தெருநாய் கடித்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவரின் புகார்தான் முதலில் போகும்.

முழுச் சொல்லாக இருந்தால் மட்டும் பிடி என்று சொன்னால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆங்கிலத்தில் அதற்கு `\b` என்ற சொல்லெல்லைக் குறி பயன்படும். பைதான் மொழியின் `re` நூலகத்தில் `\bநாய்\b` என்று எழுதிப் பார்த்தால் நடப்பதே வேறு. அந்த நூலகம் க, ந, ய போன்றவற்றை எழுத்தாக ஏற்கிறது. புள்ளியையும் துணைக்காலையும் எழுத்தாக ஏற்பதில்லை. 'நாய்' புள்ளியில் முடிகிறது. புள்ளிக்குப் பின் இடைவெளி வந்தால், இரண்டுமே எழுத்து அல்லாதவை என்பதால் அங்கே எல்லையே இல்லை என்று கணக்கிடுகிறது. அதனால் "நீ ஒரு நாய்" என்ற வசை பிடிபடாமல் தப்பிவிடும். "நாய்கள் தொல்லை தாங்கல" என்ற புகாரில் புள்ளிக்கு அடுத்து 'க' வருவதால், அங்கே எல்லை இருப்பதாக எண்ணி அதைப் பிடித்து மறைத்துவிடும். இதைச் சோதிக்காமல் நிறுவினால், வசை நின்று புகார் போகும். எல்லையை நாமே வெளிப்படையாக எழுதினால் இந்தக் கோளாறு தீரும்:

```
(?<!\S)நாய்(?=[\s.,!?]|$)
```

முன்னால் இடைவெளி அல்லது வரியின் தொடக்கம், பின்னால் இடைவெளி, நிறுத்தக்குறி அல்லது முடிவு என்பதே இதன் பொருள்.

ஆனால் இதுவும் பாதி தூரம்தான். "எங்க தெருவுல நாய் தொல்லை" என்று இடைவெளி விட்டு எழுதினால் அதுவும் சிக்கும். எனவே சொல்லோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். வசை யாரையோ சுட்டும். 'நீ', 'உன்', 'டா', 'டி' என்ற முன்னிலைச் சாயலோ, ஒரு நபரின் பெயரை ஒட்டிய 'ஒரு நாய்' என்ற அமைப்போ அதில் இருக்கும். புகாருக்கும் தனி அடையாளங்கள் உண்டு. தெருப் பெயர், வார்டு எண், மனு எண், தேதி, 'மூணு நாளா', 'கடிச்சிருச்சு', 'வரல', 'எடுக்கல' போன்றவை. வசையின் அடையாளம் மட்டும் இருந்தால் மறைக்கலாம். புகாரின் அடையாளம் ஒன்று இருந்தாலும் இயந்திரம் முடிவெடுக்கக் கூடாது, ஆளிடம் கொடுத்துவிட வேண்டும். புகாரைத் தேடும் விதியை வசை விதிக்கு முன்னால் ஓடவிடுவதும் முக்கியம். வரிசை மாறினால் விலக்கு வேலை செய்யவே வாய்ப்பில்லை.

மிகவும் சிக்கலான கமென்ட் இப்படி இருக்கும்: "மூணு நாளா தண்ணி வரல. போன் பண்ணா எடுக்கவே மாட்டேங்குறான் அந்த நாய்." இது வசையும் புகாரும் ஒன்றாக வந்தது. நம் ஊரில் கோபத்தோடு வரும் புகார்களில் பெரும்பகுதி இந்த ரகம்தான். வெயிலில் காலிக் குடத்தோடு நிற்பவர் பண்பாக எழுத வேண்டும் என்று எதிர்பார்ப்பதே நியாயமில்லை. இங்கே இரண்டு கேள்விகளைப் பிரிக்க வேண்டும். இந்த வரி எல்லார் கண்ணுக்கும் தெரியலாமா என்பது ஒன்று. மூன்று நாளாகத் தண்ணீர் வராததை யார் கவனிப்பது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ஆம், இல்லை எதுவானாலும் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது. கமென்ட்டை மறைத்த ஊழியர், அதில் உள்ள குறையைக் குடிநீர்ப் பிரிவுக்கு அனுப்பத்தான் வேண்டும்.

ரெடிட் தளத்தின் ஆட்டோமாடரேட்டர் இந்தப் பிரிவினையை அழகாகச் செய்கிறது. அதில் விதி எழுதுகிறவருக்கு `remove`, `filter`, `report` உள்ளிட்ட கட்டளைகள் உண்டு. முதலாவது நீக்கிவிடும். இரண்டாவது, கமென்ட்டை மற்றவர் பார்வையிலிருந்து எடுத்து, மேற்பார்வையாளரின் வரிசையில் நிறுத்தி வைக்கும். மூன்றாவது, கமென்ட்டை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, பாருங்கள் என்று மட்டும் தகவல் கொடுக்கும். கொலை மிரட்டலுக்கும் சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்துவதற்கும் உடனே மறைக்கும் கட்டளை பொருந்தும். தண்ணீர்க் குடத்துக்காரருக்கு `filter` போதும். வசை ஏதுமில்லாமல் ஓர் அதிகாரியின் பெயரைச் சொல்லி லஞ்சம் கேட்டார் என்று எழுதியவருக்கு `report` தான் சரி.

எத்தனை பேர் புகார் பொத்தானை அழுத்தினார்கள் என்ற எண்ணிக்கையைப் பார்த்துத் தானாக மறைக்கும் விதியும் பல இடங்களில் உண்டு. இதைத் தவிர்ப்பது நல்லது. லஞ்சப் புகாருக்கு ஆளானவர் தன் ஆட்கள் பத்துப் பேரிடம் சொன்னால் போதும், கமென்ட் போய்விடும். அந்த எண்ணிக்கையை வைத்து வரிசையில் முன்னுக்குக் கொண்டுவரலாம், அதற்கு மேல் வேண்டாம்.

விதி நன்றாக வேலை செய்கிறது என்று எப்படித் தெரியும்? நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரி என்று யாராவது சொன்னால் மகிழ்ந்துவிடக் கூடாது. 1000 கமென்ட்களில் 20 மட்டும் வசை என்று வைத்துக்கொள்வோம். விதி அந்த இருபதையும் பிடித்துவிடுகிறது. மீதி 980-இல் நூற்றுக்கு இரண்டு வீதம் தவறினாலும் ஏறக்குறைய 20 நல்ல கமென்ட்கள் மறையும். ஆக, மறைந்த நாற்பதில் பாதி நியாயமானவை. வசை குறைவாக உள்ள இடத்தில் சிறு தவறும் இப்படித்தான் பெரிதாகும். எனவே பார்க்க வேண்டியது மொத்தக் கணக்கை அல்ல, மறைந்தவற்றில் எத்தனை நியாயமானவை என்பதைத்தான்.

அதைப் பார்க்க விக்கிப்பீடியாவின் வழக்கம் உதவும். அங்கே நாசவேலைத் திருத்தங்களைத் தடுக்கும் வடிகட்டிகள் இருக்கின்றன. புதிய வடிகட்டி ஒன்றை எழுதியதும் உடனே தடுக்க விடமாட்டார்கள். முதலில் பதிவு மட்டும் செய்யச் சொல்வார்கள். யார் யாரெல்லாம் சிக்கியிருப்பார்கள் என்று படித்துப் பார்த்து, விதியைச் செதுக்கிய பிறகே எச்சரிக்கையோ தடையோ வரும். அநியாயமாகச் சிக்கியவர்கள் முறையிடத் தனிப் பக்கமும் ஆங்கில விக்கிப்பீடியாவில் உண்டு. நகராட்சிக்கும் இது முடியும். கடந்த மாதத்துக் கமென்ட்களை எடுத்து, கையால் பிரித்து, விதி என்ன செய்யும் என்று ஓட்டிப் பார்க்கலாம். நடைமுறைக்கு வந்த பிறகும் வாரம் ஒருமுறை மறைந்தவற்றிலிருந்து ஐம்பதை எடுத்துப் படிக்கலாம். புதுப் புகார்ச் சொற்கள் அங்கேதான் கண்ணில் படும். 'thanni varala' என்று ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுகிறவர்களும் அங்கேதான் தென்படுவார்கள்.

வரிசையில் இருப்பதை யார் படிப்பது என்பதையும் விதியிலேயே எழுதிவிட வேண்டும். குடிநீர்ப் பிரிவைப் பற்றிய கமென்ட்டைக் குடிநீர்ப் பிரிவின் அலுவலரே திறந்து, மறைப்பதா விடுவதா என்று முடிவு செய்யக் கூடாது. வேறு பிரிவிலிருந்து ஒருவர் அடுத்த வேலை நாளுக்குள் பார்க்க வேண்டும். எழுதியவருக்கு ஒரு செய்தி போக வேண்டும்: உங்கள் கமென்ட்டில் இன்ன சொல் இருப்பதால் நிறுத்தி வைத்திருக்கிறோம், குறை இன்ன எண்ணில் பதிவாகியிருக்கிறது, மாற்றி எழுத விரும்பினால் எழுதலாம்.