விலைக்குக் கீழே வரும் வரிகள்

கோவை கணபதியில் பேனல் போர்டு செய்யும் ஒரு சிறு பட்டறை என்று வைத்துக்கொள்வோம். மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலைக்காரர், மோட்டார்களை இயக்க ஒரு கன்ட்ரோல் பேனல் கேட்கிறார். “விலை ரூ.4,80,000, ஜி.எஸ்.டி. தனி” என்று ஒற்றை வரியில் மெயில் போகிறது. கொட்டேஷன் கொடுத்தாகிவிட்டது என்று பட்டறைக்காரர் நினைக்கிறார். உண்மையில் ஒரு சண்டைக்கு நாள் குறித்திருக்கிறார்.

முதலில், அந்த விலை எதுவரை செல்லும்? பேனலுக்குள் இருக்கும் பஸ்பாரும் ஒயரும் செம்பு. செம்பின் விலை லண்டன் சந்தையையும் டாலரையும் பார்த்து அன்றாடம் ஏறி இறங்கும். ஆலைக்காரர் 3 மாதம் கழித்து வந்து பழைய விலையைக் கேட்டால் என்ன செய்வது? 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 6-வது பிரிவு இதற்குப் பதில் சொல்கிறது. கெடு குறித்திருந்தால், அது முடிந்ததும் விலை கொடுத்த முனைவும் காலாவதியாகிவிடும். கெடுவே இல்லையென்றால் ‘நியாயமான காலம்’ வரை உயிரோடு இருக்கும்; எது நியாயம் என்பதில்தான் வம்பு. ஆகவே “15 நாள்” என்பதைவிட “ஜூன் 20 மாலை 5 மணி வரை” என்று தேதியாகவே எழுதுவது நல்லது. எந்த நாளிலிருந்து எண்ணுவது என்ற கேள்வியே எழாது.

டெலிவரியில் இரண்டு விஷயம் இருக்கிறது: எங்கே, எப்போது. ‘எக்ஸ்-வொர்க்ஸ்’ என்றால் பட்டறை வாசலோடு சரி. லாரி வாடகையும் வழியில் ஏற்படும் சேதமும் வாங்குபவர் பாடு. ‘எஃப்.ஓ.ஆர். மன்னார்குடி’ என்று ஊர் பெயரோடு எழுதினால் லாரி வாடகை விற்பவருடையது. வழியில் இன்சூரன்ஸ் யார் பொறுப்பு என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும், ஏனெனில் அந்த மூன்று எழுத்துக்கு ஆளுக்கொரு பொருள் சொல்வார்கள். “4 வாரத்தில் டெலிவரி” என்று மட்டும் எழுதினால், ஆலைக்காரர் போனில் “சரி” சொன்ன நாளிலிருந்து நாள் ஓடத் தொடங்கும். டிராயிங்குக்கு அவர் ஒப்புதல் தரவே 2 வாரம் ஆகலாம். “அட்வான்ஸும் ஒப்புதல் பெற்ற டிராயிங்கும் கைக்கு வந்த நாளிலிருந்து 4 வாரம்” என்பதே பட்டறையைக் காப்பாற்றும் வரி.

பணத்துக்கு வருவோம். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து மொத்தம் ரூ.5,66,400. ஆர்டரோடு 40 சதவீதம், அனுப்பும் முன் 50, ஓட்டிக் காட்டியபின் 10 என்று பிரிப்பது வழக்கம். இந்தக் கடைசி 10 சதவீதம்தான், அதாவது ரூ.56,640, பல பட்டறைகளின் லாபம். ஆலையில் மின் இணைப்பே வரவில்லையென்றால் பேனலை எப்படி ஓட்டிக் காட்டுவது? “ஓட்டிக் காட்டியதும், அல்லது டெலிவரி ஆகி 30 நாளில், எது முந்தியோ அது” என்று எழுதாதவருக்கு அந்தப் பணம் ஆலைக்காரர் மனம் வைக்கும்போதுதான் வரும். பட்டறை உத்யம் பதிவு பெற்றிருந்தால், 2006-ம் ஆண்டுச் சிறு தொழில் சட்டம் எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை போகக் கூடாது என்கிறது. இதையும் மெயிலில் ஒரு வரி நினைவூட்டலாம்.

என் கணக்கில், ‘இந்த விலையில் சேராதவை’ என்ற பத்திதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். அதைத்தான் ஆட்கள் விட்டுவிடுகிறார்கள், கேட்டால் வியாபாரம் கைநழுவிவிடும் என்ற பயம். லாரி ஆலை வாசலில் நிற்கிறது. பேனலை இறக்க கிரேன் வேண்டும், யார் கூப்பிடுவது? நிறுத்த சிமென்ட் மேடை, டிரான்ஸ்பார்மரிலிருந்து பேனல் வரை கேபிள், எர்த் குழி, மின் ஆய்வுத் துறை அனுமதி: இவை எதுவும் 4,80,000-இல் இல்லை என்று பட்டறைக்காரருக்குத் தெரியும். எல்லாம் அடக்கம் என்று ஆலைக்காரர் நம்பியிருப்பார். இரண்டு பேரும் யோக்கியர்களே. “இதர வேலைகள் தனி” என்று பொத்தாம் பொதுவாக எழுதுவதில் பயனில்லை. பெயர் சொல்லி எழுத வேண்டும். முடிந்தால், “தேவைப்பட்டால் கேபிள் வேலைக்குத் தனி விலை தருகிறோம்” என்று சேர்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் எழுதிய பிறகும் ஒரு பொறி இருக்கிறது. ஆலைக்காரர் அனுப்பும் பி.ஓ.வில் “பணம் 60 நாளில், கேபிள் உட்பட” என்று சத்தமில்லாமல் மாறியிருக்கலாம். ஏற்பு முழுமையாக, மாற்றமில்லாமல் இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 7-வது பிரிவு. மாற்றினால் அது அவர் தரப்பின் புது முனைவு. அதற்குப் பதில் போடாமல் வேலையைத் தொடங்கினால் அவருடைய நிபந்தனைகளை நீங்கள் ஏற்றதாகிவிடக்கூடும். பி.ஓ. வந்த அன்றே கொட்டேஷனோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள்; வேறுபாடு இருந்தால் திருத்திய பி.ஓ. கைக்கு வரும்வரை செம்பு வாங்காதீர்கள்.