ஓரங்களைக் கவனியுங்கள்!

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் அதிகத் தொலைவில்லை. ஏறத்தாழ 12 கிலோமீட்டர்தான். சென்ற ஆண்டு ஒரு ஞாயிறன்று என் மாணவர்கள் சிலர் பேருந்தேறி அங்கே போய், ஆண்டாள் கோயிலின் இராஜகோபுரத்தைக் கைபேசியில் படம் பிடித்து வந்தார்கள். 11 நிலைகளும் சுமார் 192 அடி உயரமும் கொண்ட கோபுரம் அது. படமும் நன்றாகவே இருந்தது. ஆனால் அதைச் சமூக வலைத்தளங்களில் ஏற்றியபோதுதான் சிக்கல் தொடங்கிற்று. ஓரிடத்தில் கலசங்களைக் காணோம். இன்னோரிடத்தில் கோபுரத்துக்குப் பக்கத்தில் பாதி மின்கம்பம் நின்றது. வேறோரிடத்தில் மூலையிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிளின் சக்கரம் எட்டிப் பார்த்தது!

படம் ஒன்றுதான், சட்டங்கள்தாம் வேறுவேறு. இன்ஸ்டாகிராம் பதிவுக்குச் சதுரமோ, 4:5 என்ற சற்றே நெட்டையான செவ்வகமோ பொருந்தும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு 9:16 என்ற ஒல்லிச் செவ்வகம். யூடியூப் முகப்புப் படத்துக்கு 16:9 என்ற படுக்கைச் செவ்வகம். (முதல் எண் அகலம், அடுத்தது உயரம்.) ஒரே படத்தை இத்தனை வடிவங்களில் எப்படிக் கத்தரிப்பது? கணக்குப் போட்டே பார்த்துவிடலாம், வாருங்கள்.

படத்துக்கு ஒரு வரைபடம்

கைபேசிப் படம் என்பது பிக்சல்கள் எனப்படும் நுண்ணிய புள்ளிகளின் வரிசை. நம் படத்தின் அகலம் 4000 புள்ளிகள், உயரம் 3000 புள்ளிகள். இடது ஓரத்திலிருந்து வலப்பக்கமாகவும், மேல் ஓரத்திலிருந்து கீழ்ப்பக்கமாகவும் எண்ணுவோம். கோபுரம் இடமிருந்து 1250 முதல் 2550 வரையும், மேலிருந்து 300 முதல் 2700 வரையும் இருக்கிறது. இது விடக்கூடாத பொருள்.

இனி வேண்டாதவை. வலப்பக்கம் 3300இல் மின்கம்பம் தொடங்குகிறது; அதன் கம்பிகள் வலது ஓரம் நோக்கிச் செல்கின்றன. இடது கீழ் மூலையில் மோட்டார் சைக்கிள், 0 முதல் 450 வரை. ஆனால் உயரத்தில் அது 2500க்குக் கீழே மட்டுமே இருக்கிறது. இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வையுங்கள், பிறகு உதவும்.

முதலில் சதுரம். பேராசையோடு 3000க்கு 3000 எடுத்தால், 450க்கும் 3300க்கும் இடையிலுள்ள 2850 புள்ளி இடைவெளியில் அது அடங்காது. ஏதேனும் ஒரு பக்கம் பாதிச் சக்கரமோ கம்பமோ உள்ளே வந்தே தீரும். ஆகவே 2700 பக்கமுள்ள சதுரம் எடுப்போம்: இடது ஓரம் 525, வலது ஓரம் 3225, மேல் 150, கீழ் 2850. இரு பக்கத் தொல்லைகளிலிருந்தும் 75 புள்ளி விலகியாயிற்று. கலசங்களுக்கு மேலும் அடிப்பகுதிக்குக் கீழும் 150 புள்ளி மூச்சுவிட இடம் கிடைத்தது.

4:5க்கு முழு உயரம் 3000 எடுத்தால் அகலம் 2400. இடது 700, வலது 3100 என வெட்டினால் தொல்லை ஏதுமில்லை. 9:16க்கு அதே உயரத்தில் அகலம் ஏறக்குறைய 1688. கோபுரத்தின் இரு புறமும் சுமார் 190 புள்ளிகள் மிஞ்சுகின்றன. நெட்டைப் பொருளுக்கு நெட்டைச் சட்டம் பொருத்தமே!

முரண்டு பிடிக்கும் சட்டம்

16:9இல் என்ன ஆகிறது? அகலம் முழுவதையும், அதாவது 4000 புள்ளிகளையும் எடுத்தாலும் உயரம் 2250தான். கோபுரமோ 2400. எப்படி வெட்டினாலும் முழுக் கோபுரம் அடங்காது. அப்படியானால் எதை இழப்பது என்று நாமே முடிவு செய்ய வேண்டும். கலசங்களை இழப்பதைவிட அடிப்பகுதியை இழப்பது மேல். மோட்டார் சைக்கிள் 2500க்குக் கீழேதானே இருக்கிறது? நம் வெட்டு 2000இலேயே முடிந்துவிட்டால் இடப்பக்கம் அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆகவே இடது 0, வலது 3200, மேல் 200, கீழ் 2000 என வெட்டலாம். கோபுரத்தின் மேற்பகுதி, பத்தில் ஏழு பங்கு, கிடைக்கும். கீழ் வெட்டுச் சிலைகளின் நடுவே ஓடாமல், இரு நிலைகளுக்கு இடையே அமையும்படி சற்று மேலோ கீழோ நகர்த்திக் கொண்டால் கண்ணுக்கு உறுத்தாது.

முழுக் கோபுரமும் வேண்டுமென்றால் கத்தரிக்கோல் உதவாது; கால்கள்தான் உதவும். ஒரு பொருளின் பிம்ப அளவு தொலைவுக்குத் தலைகீழ் விகிதத்தில் இருப்பதை ஒளியியலில் படித்திருப்பீர்கள். 75 மீட்டரில் நின்று எடுத்தபோது 2400 புள்ளி உயரம் என்றால், 100 மீட்டருக்குப் பின்வாங்கினால் 1800 ஆகும். அது 2250இல் தாராளமாக அடங்கும். ஆனால் பின்வாங்கும்போது புதிய கம்பங்கள் காட்சிக்குள் வரக்கூடும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

கம்பத்தை விரட்டவும் வழியுண்டு. ஓடும் பேருந்திலிருந்து பார்க்கையில் அருகிலுள்ள மரங்கள் வேகமாகப் பின்னோக்கி ஓட, தொலைவிலுள்ள மலை மெதுவாகவே நகர்கிறதல்லவா? அதே கதைதான். கம்பம் நமக்கு 15 மீட்டரிலும் கோபுரம் 75 மீட்டரிலும் இருக்கட்டும். நாம் இடப்பக்கம் 60 சென்டிமீட்டர், அதாவது ஓரடி எடுத்து வைத்து, கோபுரம் பழைய இடத்திலேயே தெரியும்படி கைபேசியைத் திருப்பிக் கொண்டால், சாதாரணக் கைபேசிப் படத்தில் கம்பம் ஏறத்தாழ 100 புள்ளி வலப்பக்கம் விலகும். ஏழெட்டு அடி வைத்தால் படத்தை விட்டே வெளியேறிவிடும்!

கணிப்பொறி எப்படிக் கண்டுபிடிக்கும்?

வெட்டுக்கோடு நல்லதா கெட்டதா என்று எண்ணாலும் சொல்லலாம். கோட்டின் வழியே அடுத்தடுத்த புள்ளிகளின் ஒளிர்வைப் பாருங்கள். கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 255. வெறும் வானத்தின் வழியே போகும் கோட்டில் 200, 201, 199 என எண்கள் அமைதியாக இருக்கும். கோடு ஒரு கம்பியை வெட்டினால் 200, 60, 58, 201 எனத் துள்ளும். இந்தத் துள்ளல்களைக் கூட்டி, கூட்டுத்தொகை குறைவாக உள்ள கோட்டைத் தேர்ந்தால் ஓரம் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும்.

ஆனால் எண்ணுக்குக் கம்பம் எது, கோபுரம் எது என்று தெரியாது. அதற்காக, மனிதக் கண் படத்தில் எங்கே முதலில் பாயும் என்று கணிக்கும் நிரல்களை எழுதினார்கள். 2018இல் ட்விட்டர் நிறுவனம் அத்தகைய நிரலைக் கொண்டு படங்களைத் தானாகக் கத்தரித்தது. இருவர் உள்ள படத்தில் கறுப்பினத்தவரை விட்டுவிட்டு வெள்ளையரைக் காட்டுகிறது என்று 2020இல் பலர் புகார் செய்தனர். நிறுவனம் சோதித்து, சார்பு இருப்பதை ஒப்புக்கொண்டது. எப்படிக் கத்தரிப்பது என்பதை மனிதர்களே முடிவு செய்வது நல்லது என்று கூறி, 2021இல் அம்முறையைக் கைவிடத் தொடங்கியது.

எனக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. ஒருமுறை எங்கள் குழுப்படத்தைச் சதுரமாக வெட்டினேன். ஓரம் சுத்தமாயிற்று; படம் அழகாயிற்று. மறுநாள் ஆய்வக உதவியாளர், "நானும் நின்னேனே சார்?" என்று கேட்டார். வலது ஓரத்தில் ஒரு தூணை நீக்கும்போது அதன் அருகே நின்றவரையும் நீக்கியிருக்கிறேன்! அன்று நான் செய்திருக்க வேண்டியது எளிது: படத்தை வெட்டாமல், மேலும் கீழும் வெற்றுப் பட்டை சேர்த்துச் சதுரமாக்கியிருக்கலாம்.

அடுத்த முறை படத்தைக் கத்தரிக்குமுன் நான்கு ஓரங்களிலும் கண்ணை ஒருமுறை ஓட விடுங்கள். அங்கே நிற்பது கம்பமா, மனிதரா என்று பார்த்துவிட்டு வெட்டுங்கள்.