ரத்தம் சிந்தாத காயம்

பிறந்து சில நாளே ஆன கிடாக்குட்டிக்குக் காயடிக்க ஒரு ரப்பர் வளையம் போதும். அதைக் கருவியால் விரித்து விதைப்பைக்கு மேலே மாட்டிவிட்டால் ரத்த ஓட்டம் நின்று, சில வாரங்களில் கீழ்ப்பகுதி வாடி உதிர்ந்துவிடும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் செம்மறிக் குட்டிகளின் வாலையும் இப்படித்தான் குறுக்குகிறார்கள். கத்தி படுவதில்லை, ரத்தம் வருவதில்லை. அதனாலேயே பலர் இதைக் காயமாகவே நினைப்பதில்லை.

டெட்டனஸ் கிருமிக்கு வேண்டியதும் இப்படியொரு இடம்தான். மண்ணிலும் சாணத்திலும் அதன் வித்துகள் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். காற்றுப் படும் இடத்தில் அவை விழிப்பதில்லை. வளையத்துக்குக் கீழே செத்துக்கொண்டிருக்கும் சதையில் ஆக்சிஜன் இருக்காது. இறுகிய இடத்தில் தோல் வெடித்ததும் கொட்டில் மண் உள்ளே புகுந்துவிடும். அங்கே பெருகும் கிருமி ஒரு நஞ்சைச் சுரக்கிறது. அது நரம்பு வழியே தண்டுவடத்துக்கு ஏறி, தசைகளைத் தளரச் சொல்லும் சமிக்ஞையைத் தடுத்துவிடும். இறுகிய தசை இறுகியபடியே நிற்கும்.

வளையம் போட்டுப் பத்துப் பதினைந்து நாள் கழித்து, குட்டி பின்னங்காலை மடக்காமல் விறைப்பாக நடக்கும். சுளுக்கு என்று விட்டுவிடுவது இந்தக் கட்டத்தில்தான். அடுத்த ஓரிரு நாளில் நான்கு கால்களையும் அகட்டி மரப்பலகைபோல் நிற்கும். காது நிமிர்ந்திருக்கும், வால் விறைத்திருக்கும், கண்ணின் உள்மூலையிலிருந்து வெண்சவ்வு குறுக்கே வரும். தாடை பூட்டிக்கொள்வதால் மடியருகே போனாலும் பால் குடிக்க முடியாது. கதவுச் சத்தம் கேட்டாலே உடல் வெட்டி இழுக்கும். இத்தனைக்கும் அதற்கு நினைவு தப்புவதில்லை. வேதனை முழுவதும் தெரியும். மூச்சுத் தசைகள் இறுகும்போது உயிர் போய்விடுகிறது.

இந்த நிலையில் மருத்துவர் செய்யக்கூடியது குறைவு. காயத்தைச் சுத்தம் செய்து பென்சிலின் போடுவார், தசை தளர மருந்து தருவார், இருட்டான அமைதியான இடத்தில் வைக்கச் சொல்வார். நஞ்சுமுறி ஊசி ரத்தத்தில் உள்ள நஞ்சை முறிக்கும். நரம்புக்குள் புகுந்துவிட்டதை அதனால் தொட முடியாது. விறைப்பு முற்றிய குட்டிகளில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை.

ஆகவே காப்பு, குட்டி பிறப்பதற்கு முன்பே தொடங்க வேண்டும். தாய் ஆட்டுக்கு முதலில் நான்கு வார இடைவெளியில் இரண்டு தடுப்பூசி. பிறகு ஒவ்வொரு சினையிலும் குட்டி போடுவதற்குச் சுமார் ஒரு மாதம் முன்பு ஒன்று. அதனால் உண்டாகும் எதிர்ப்பு சீம்பால் வழியே குட்டிக்குச் சேர்ந்து முதல் சில வாரங்கள் காக்கும். ஊசி போட்ட ஆடாக இருந்தாலும், பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்காத குட்டிக்கு அந்தக் காப்பு கிடைக்காது.

தாய்க்கு ஊசி போட்டதா என்று தெரியாமல் குட்டியை வாங்கினால், வளையம் மாட்டும் அன்றே நஞ்சுமுறி ஊசி போடச் சொல்லிக் கேட்க வேண்டும். அன்று தடுப்பூசி மட்டும் போட்டால் பயன் இல்லை, எதிர்ப்பு உருவாக வாரக்கணக்கில் ஆகும். நஞ்சுமுறியின் காப்போ இரண்டு மூன்று வாரம்தான். உதிர வேண்டிய சதை அதற்குள் உதிர்ந்ததா, புண் ஆறியதா என்று குட்டியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.