ஒரே ஒரு பூச்சி கூடினால்

இரண்டு பெட்டிகளை மனதில் வைத்துக்கொள்வோம். ஒன்றில் 200 பூச்சிகள், மற்றதில் 201. தீனி, வெப்பம், பெருகும் விதி எல்லாம் இரண்டுக்கும் ஒன்றே. கணக்கின்படி முதல் தலைமுறையில் 624, 626 என்று ஏறுகின்றன. நான்காவதில் 824, 835. எட்டாவதில் 514, 397. பதினோராவது தலைமுறையில் முதல் பெட்டியில் 345 பூச்சிகள்தான் இருக்கின்றன, மற்றதில் 717. இடையில் யாரும் மருந்து அடிக்கவில்லை, மழையோ வறட்சியோ குறுக்கிடவில்லை. தொடக்கத்தில் கூடியிருந்த ஒற்றைப் பூச்சிதான் இவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டிருக்கிறது.

இந்த எண்களைத் தந்த விதி ஒரே வரியில் அடங்கும்:

```
x(n+1) = r · x(n) · (1 − x(n))
```

முட்டையிட்டதும் தாய்ப்பூச்சி இறந்துபோகும், அடுத்த தலைமுறை அதன் பிறகே தலைகாட்டும் என்ற வகைப் பூச்சிகளுக்கான சூத்திரம் இது. x என்பது இந்தத் தலைமுறையின் எண்ணிக்கை. ஒரு பெட்டியில் 1000 பூச்சிகள் நெருக்கினால் ஒன்றுகூடப் பிழைக்காது என்று கொண்டால், 200 பூச்சிகளுக்கு x 0.2 ஆகும். r என்பது இடநெருக்கடி இல்லாத காலத்தில் ஒரு பூச்சிக்கு அடுத்த தலைமுறையில் எத்தனை பூச்சிகள் நிற்கும் என்ற வளர்ச்சி வீதம். கடைசியில் வரும் (1 − x) மிச்சமிருக்கும் இடம்; கூட்டம் ஏற ஏற அது சுருங்குகிறது. மேலே சொன்ன பெட்டிகளில் r 3.9.

r 2.5 ஆக இருந்தால் கதை அமைதியாக முடிந்துவிடும். 100 பூச்சிகளில் தொடங்கினால் 225, 436, 615, 592, 604 என்று போய் 600-இல் நிலைத்துவிடும். r 3.2 ஆனால் நிலைப்பதே இல்லை: ஒரு தலைமுறை 799, அடுத்தது 513, மறுபடி 799. 3.5-இல் நான்கு எண்கள் முறைவைத்துச் சுற்றுகின்றன: 875, 383, 827, 501. இன்னும் சற்று ஏற்றினால் எட்டு, பிறகு பதினாறு. ஏறக்குறைய 3.57-ஐத் தாண்டியதும் சுற்றே அறுந்துபோய் எந்த எண்ணும் திரும்பி வராத நிலை தொடங்குகிறது. அதற்குப் பெயர் கேயாஸ். அந்தப் பகுதிக்குள்ளும் ஆங்காங்கே ஒழுங்கான சுழற்சிகள் தலைகாட்டுகின்றன, 3.83-க்கு அருகில் மூன்று தலைமுறைக்கு ஒருமுறை திரும்பும் சுழற்சி ஒன்று உண்டு.

வேகமாகப் பெருகும் கூட்டம் ஏன் நிலைகொள்ளாமல் தவிக்கிறது? நெருக்கடியின் செய்தி ஒரு தலைமுறை தாமதமாகத்தான் வந்து சேர்கிறது என்பதே காரணம். r 2.5 ஆக இருக்கையில் நிலைப்புள்ளியைவிட 10 பூச்சிகள் கூடினால், அடுத்த தலைமுறை அந்தப் புள்ளிக்குக் கீழே 5 குறைகிறது. அதற்கடுத்தது இரண்டு மூன்று மட்டும் கூடுகிறது. ஊஞ்சல் தானாக ஓய்ந்துவிடும். r 3.2 ஆகும்போது 10 கூடினால் 12 குறைகிறது, 12 குறைந்தால் 14 கூடுகிறது. திருத்தம் தவறைவிடப் பெரிதாகிவிடுகிறது. இரண்டும் சரிசமமாகும் எல்லை r 3. ஊஞ்சல் ஓய்வதா வளர்வதா என்பது அந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது.

இயற்பியல் படித்துவிட்டுச் சூழலியலுக்கு வந்த ஆஸ்திரேலியரான ராபர்ட் மே, 1974-இல் 'சயின்ஸ்' இதழிலும் 1976-இல் 'நேச்சர்' இதழிலும் இதை விரித்து எழுதினார். அதுவரை பூச்சிகளின் எண்ணிக்கை தாறுமாறாக ஏறி இறங்கினால் வானிலையையோ எதிரிகளையோ கணக்கெடுப்புப் பிழையையோ காரணம் காட்டுவது வழக்கம். வெளியிலிருந்து எதுவும் தொடாமலேயே, ஓர் எளிய விதி அதே தாறுமாறை உண்டாக்கும் என்று மே காட்டியதும் அந்த வழக்கம் ஆட்டங்கண்டது.

அப்படியானால் வயலிலும் காட்டிலும் பூச்சிகள் உண்மையிலேயே இப்படித்தான் நடக்கின்றனவா? அதே 1976-இல் மைக்கேல் ஹாசல், ஜான் லாட்டன் ஆகியோருடன் சேர்ந்து மே 20-க்கும் மேற்பட்ட பூச்சி இனங்களின் தரவுகளைத் தோண்டிப் பார்த்தார். பெரும்பாலானவை அமைதிப் பகுதியிலேயே இருந்தன. வெளியில் வாழும் இனங்களில் கொலராடோ உருளைக்கிழங்கு வண்டு மட்டும் சுழற்சிப் பகுதிக்குள் வந்தது. கேயாஸ் பகுதிக்குள் விழுந்தது ஆய்வகத்தில் வளர்ந்த ஓர் ஈ இனம். ஆஸ்திரேலியாவில் ஏ. ஜே. நிக்கல்சன் அளந்து தீனி போட்டு வளர்த்த, செம்மறி ஆடுகளைத் தாக்கும் ஈ அது. ஆய்வகத்தில் எதிரி இல்லை, நோய் குறைவு, தப்பிப் பறக்க வழியும் இல்லை. வெளியுலகில் பெருக்கத்தை அடக்கிவைக்கும் பலவும் அங்கே கிடையாது.

தரவை மட்டும் பார்த்துக் கேயாஸை அடையாளம் காண்பது கடினம். வானிலையால் வரும் ஏற்ற இறக்கமும் கேயாஸும் வரைபடத்தில் ஒன்றுபோலவே தெரியும். இருபது ஆண்டுத் தரவு என்றால் ஆண்டுக்கு ஒரு தலைமுறை காணும் பூச்சிக்கு இருபதே புள்ளிகள். எதையும் உறுதியாகச் சொல்ல அது போதாது. நம்பத் தகுந்த சோதனை ஒன்றுதான்: எந்த நிலையில் அமைதி, எந்த நிலையில் சுழற்சி, எந்த நிலையில் கேயாஸ் என்று முதலில் கணித்துவிட்டு, பூச்சிகளை அந்தந்த நிலைகளில் வைத்துப் பார்ப்பது.

அமெரிக்காவில் கோஸ்டன்டினோ, டெஷார்னே, குஷிங், டென்னிஸ் ஆகிய நால்வர் அதைச் செய்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது நம் வீட்டு ரவை டப்பாவிலும் மைதா டப்பாவிலும் ஊரும் அதே செம்பழுப்பு மாவு வண்டு. ஒவ்வொரு குடுவையிலும் 20 கிராம் கோதுமை மாவும் ஈஸ்டும் கலந்த தீனி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் சலித்தெடுத்து, புழு எத்தனை, கூட்டுப்புழு எத்தனை, வண்டு எத்தனை என்று எண்ணிவிட்டுப் புது மாவில் விடுவார்கள்.

இந்த வண்டுக்கு ஒற்றை வரிச் சூத்திரம் போதாது. தலைமுறைகள் ஒன்றன்மேல் ஒன்று கவிந்து வாழ்கின்றன. அதோடு தன்னினத்தையே தின்னும் பழக்கமும் உண்டு: வண்டு முட்டையையும் கூட்டுப்புழுவையும் தின்னும், புழு முட்டையைத் தின்னும். கூட்டத்தை அடக்குவது பெரும்பாலும் இந்தப் பழக்கம்தான். ஆகவே புழு, கூட்டுப்புழு, வண்டு மூன்றுக்கும் தனித்தனியாக ஒரு சமன்பாடு எழுதினார்கள். பிறகு இரண்டு திருகுகளைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு எண்ணிக்கையின்போதும் வண்டுகளைச் சேர்த்தோ நீக்கியோ, இரண்டு வாரத்தில் 96 சதவீத வண்டுகள் இறப்பதற்கு ஈடான நிலையை உண்டாக்கினார்கள். கூட்டுப்புழுக்கள் தின்னப்படும் அளவையும் அதே வழியில் குடுவைக்குக் குடுவை மாற்றியமைத்தார்கள்.

1997-இல் 'சயின்ஸ்' இதழில் முடிவு வெளிவந்தது. இரண்டாவது திருகைத் திருப்பத் திருப்ப, சமன்பாடு சொன்ன இடத்தில் கேயாஸும், வேறோர் இடத்தில் மூன்று படிச் சுழற்சியும் குடுவைகளில் தெரிந்தன. உயிருள்ள பூச்சிகளில் கேயாஸுக்கு இதைவிடத் துல்லியமான சான்று அதற்குமுன் இருந்ததில்லை. ஆனால் 96 சதவீத இறப்பு மனிதக் கை திணித்தது என்பதை மறந்துவிடக் கூடாது. தன்போக்கில் விட்டால் மாவில் இந்த வண்டு இப்படித்தான் நடக்கும் என்று அந்தச் சோதனை சொல்லவில்லை.

சில ஆண்டுகள் கழித்து அதே குழுவினர் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். சிறு வித்தியாசம் பெரிதாக வளரும் என்றால், அதை நமக்குச் சாதகமாகப் பயன்படுத்த முடியாதா? கேயாஸில் இருந்த குடுவைகளில், சிறு மாற்றத்துக்கும் எண்ணிக்கை மிகவும் கூருணர்வோடு இருக்கும் கட்டங்களைச் சமன்பாட்டின் உதவியால் முன்கூட்டியே கண்டறிந்து, அந்தச் சமயங்களில் மட்டும் சில வண்டுகளைக் கூடுதலாக உள்ளே விட்டார்கள். பூச்சியைச் சேர்த்தார்கள், அந்தக் குடுவைகளில் புழுக்கூட்டம் பொங்கி வழியும் உச்சங்கள் தாழ்ந்தன.