முதலில் வழி, பிறகு மேஜை

"400 பேர் தாராளமா உட்காரலாம் சார்" என்பார் ஹால் மேனேஜர். தியேட்டர் மாதிரி நாற்காலிகளை வரிசையாகப் போட்டால் அது உண்மையாகவே இருக்கலாம். வரவேற்புக்கு ரவுண்டு டேபிள் போட்டு, மேடையும் பஃபே கவுன்ட்டரும் வைத்தால் அந்த எண் நிற்காது. எத்தனை பேர் என்பதை வரைபடம்தான் சொல்லும்.

ஒரு கிராஃப் தாளும் பென்சிலும் போதும். ஒரு கட்டம் ஓர் அடி. நகர்த்த முடியாதவற்றை முதலில் குறிக்க வேண்டும்: தூண்கள், மின் பெட்டி, எல்லாக் கதவுகளும். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதையும் வளைகோடாகப் போட்டுவிட வேண்டும். வெளிப்புறமாகத் திறப்பதே நல்லது. அடுத்து ஒவ்வொரு கதவிலிருந்தும் உள்ளே வரும் பாதை. அதன் பிறகு மேடை. மேஜைக்குக் கடைசி இடம்தான். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்; மேஜைகளை நிரப்பிவிட்டு மிஞ்சிய சந்துகளை நடைபாதை என்கிறார்கள்.

100 அடி நீளம், 70 அடி அகலத்தில் ஒரு ஹாலை எடுத்துக்கொள்வோம். பின்சுவரில் பெரிய வாசல், இரு பக்கச் சுவர்களின் நடுவாக்கில் ஆளுக்கொரு கதவு. மேடைக்கு 16 அடி. மணமக்களை வாழ்த்த வரிசையில் நிற்பவர்களுக்கும் கேமராக்காரர்களுக்கும் மேடை முன்னால் 14 அடி. வாசலருகே 12 அடி காலியாக இருக்க வேண்டும். மேஜைகளுக்கு மிஞ்சுவது 58 அடி நீளம்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மேஜை 5 அடி விட்டம் என்றால் 5 அடி வட்டமாகவே வரைந்துவிடுவார்கள். ஆள் உட்கார்ந்த நாற்காலி சுற்றிலும் 2 அடி பிடிக்கும். ஆகவே வட்டம் 9 அடி. தாளின் அளவுக்கேற்ப அட்டையில் வட்டங்களை வெட்டி நகர்த்திப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். சுவரோரம் இருபுறமும் 4 அடி, நடுவில் வாசலை நோக்கி 6 அடிப் பாதை போக, ஒரு பக்கத்துக்கு 28 அடி கிடைக்கும். மூன்று மேஜைகள் நெருக்கமாக உட்காரும். வரிசைகளுக்கு நடுவே 2 அடி விட்டால், தட்டேந்திய பரிமாறுபவர் ஒருவர் எப்படியோ நுழைந்துவிடுவார். ஐந்து வரிசைக்கு 53 அடி. மீதி 5 அடியை எல்லா வரிசைகளுக்கும் பங்கிட்டுவிடக் கூடாது. பக்கக் கதவுகளுக்கு நேரே இருக்கும் இடைவெளியோடு சேர்த்தால், 7 அடியில் குறுக்குப் பாதை ஒன்று கிடைக்கும்.

30 மேஜை, எட்டெட்டுப் பேர்: 240.

விருந்து தருபவரின் பட்டியலிலோ 300 பேர். இன்னும் எட்டு மேஜை வேண்டும். அவற்றுக்கு இடம் தேடினால் கண்ணில் படுவது அந்தக் குறுக்குப் பாதையும் நடுப்பாதையும்தான். டெல்லி உபஹார் தியேட்டரில் 1997 ஜூன் 13 அன்று நேர்ந்த தீ விபத்தில் 59 பேர் இறந்தார்கள். பால்கனியின் வலப்பக்க நடைபாதையை மூடிக் கூடுதல் இருக்கைகள் போட்டிருந்தார்கள். அந்தப் பக்க வெளிவாசலும் அடைபட்டிருந்தது. புகை பரவியபோது பால்கனியில் இருந்தவர்கள் சிக்கிக்கொண்டார்கள்.

சரி, ஒரு மேஜைக்குப் பத்துப் பேர் போட்டால்? 5 அடி மேஜையின் சுற்றளவு 15.7 அடி. எட்டுப் பேருக்கு ஆளுக்கு ஏறக்குறைய 2 அடி. பத்துப் பேர் என்றால் ஒன்றரை அடிதான். முழங்கை இடிக்கும், நாற்காலிகள் பின்னால் நகரும், அந்த 2 அடி இடைவெளியும் போய்விடும்.

தாளில் சரியாக வந்த படமும் விழாவன்று மாலை கெட்டுப்போவது உண்டு. அலங்காரக்காரர் பக்கக் கதவை மறைத்துத் திரை கட்டிப் பூப்பலகை நிறுத்துவார். ஜிம்மி ஜிப் கேமரா நடுப்பாதையில் கால் பரப்பி நிற்கும். மிஞ்சிய நாற்காலிகள் கதவுக்கு வெளியே அடுக்கப்படும். ஏசி குளிர் போகக்கூடாதென்று யாரோ பூட்டும் போட்டிருப்பார்கள். எனவே கேமராவுக்கும் சவுண்ட் மிக்ஸருக்கும் படத்திலேயே கட்டம் ஒதுக்கி, ஆளுக்கொரு பிரதி கொடுத்துவிட வேண்டும். விருந்தினர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, கதவிலிருந்து மிகத் தள்ளியிருக்கும் மேஜையில் உட்கார்ந்து பார்க்கலாம். வெளியேறும் பலகை தெரிகிறதா? அங்கிருந்து இருவர் அருகருகே நடந்துபோய்க் கதவைத் தள்ளினால் திறக்கிறதா?

அந்த ஹாலுக்கு 240தான் கணக்கு. 300 பேர் வருவார்கள் என்றால், சாப்பாட்டைத் தனி டைனிங் ஹாலில் பந்தியாக வைத்துக்கொண்டு இங்கே வெறும் நாற்காலி வரிசை போடலாம். இல்லையென்றால் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே வேறு ஹால் பார்ப்பது நல்லது.